அதே இரண்டு தேதி: லீவுக்கு 5, தாமதத்துக்கு 4

கேள்வி: ஓசூரில் ஒரு சின்ன யூனிட்டில் கணக்கு, ஸ்டோர் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். 10-06-2025 முதல் 14-06-2025 வரை லீவு எடுத்த பையனுக்கு எக்செல் 4 நாள் காட்டியது. விரல் விட்டு எண்ணினால் 5. அதனால் ஷீட்டில் எல்லா இடத்திலும் +1 சேர்த்துவிட்டேன். இப்போது தர்மபுரியிலிருந்து மரப்பெட்டி அனுப்புகிறவர், "10ஆம் தேதி தர வேண்டியது, 14ஆம் தேதி தந்தேன், 4 நாள்தானே லேட்? 5 நாளுக்கு ஏன் பிடித்தீர்கள்?" என்று சண்டைக்கு வருகிறார். யார் கணக்கு சரி?

பதில்: பையனுக்கு 5 சரி, பெட்டிக்காரருக்கு 4 சரி. தேதிகள் ஒன்றாக இருந்தாலும் நீங்கள் எண்ணுகிற பொருள் இரண்டிலும் வேறு.

நம் பக்கம் மாந்தோப்புக்குக் கல் நட்டு வேலி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். 40 அடி நீளத்துக்கு 10 அடிக்கு ஒரு கல் என்று நட்டால் 5 கல் வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளிகளோ 4தான். கல் வாங்கப் போகிறவர் 4 என்று சொன்னால் கடைசி முனை மொட்டையாக நிற்கும். லீவு நாள் என்பது கல். 10, 11, 12, 13, 14 என்று ஒவ்வொரு நாளும் அந்தப் பையன் வேலைக்கு வரவில்லை, ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும். தாமதம் என்பது இடைவெளி. 10ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் நடுவே பெட்டி எவ்வளவு தூரம் தள்ளிப்போனது என்பதுதான் அங்கே கேள்வி.

எக்செல் கழித்தால் கிடைப்பது எப்போதும் இடைவெளி மட்டுமே. அதற்குத் தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து அங்கிருந்து எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 10-06-2025 என்பது 45818, 14-06-2025 என்பது 45822. கழித்தால் 4. அது தவறு செய்யவில்லை. எந்தக் கேள்விக்கான விடை அது என்று மட்டும் அதற்குத் தெரியாது.

பேச்சில் நாம் முதல் நாளையும் சேர்த்து எண்ணிப் பழகியவர்கள். "இன்றைக்கு எட்டாம் நாள்" என்று பெரியவர்கள் சொன்னால் அடுத்த வாரம் இதே கிழமை. இன்றைய நாளை 1 என்று வைத்தால்தான் அது எட்டாவதாக வரும். அதனால் விரல் விட்டு எண்ணுகிறபோது நம் கை தானாகவே கல்லை எண்ணுகிறது. லீவுக்கு அது பொருந்தும், தாமதத்துக்குப் பொருந்தாது.

எங்கே +1 வேண்டும் என்று குழம்பினால் ஒரே ஒரு சோதனை போதும். இரண்டு செல்லிலும் ஒரே தேதியைப் போடுங்கள். 10ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரை லீவு என்றால் அது 1 நாள், ஆகவே +1 வேண்டும். 10ஆம் தேதி தர வேண்டியது 10ஆம் தேதியே வந்துவிட்டால் தாமதம் 0, ஆகவே +1 கூடாது. உங்கள் ஷீட்டில் இப்போது சொன்ன நாளில் சரியாக வந்த சரக்கும் 1 நாள் தாமதம் என்று காட்டிக்கொண்டிருக்கும். A நெடுவரிசையில் தொடக்கம் அல்லது கெடு தேதி, B நெடுவரிசையில் முடிவு அல்லது வந்த தேதி என்று வைத்துக்கொண்டால் முதல் சூத்திரம் லீவுக்கு, இரண்டாவது தாமதத்துக்கு:

```
=B2-A2+1
=MAX(0, B2-A2)
```

இரண்டாவதில் MAX இருப்பது, கெடுவுக்கு முன்பே வந்த சரக்கு மைனஸ் கணக்கில் போய் மாத மொத்தத்தைக் குறைத்துவிடாமல் இருக்க.

நீங்கள் +1 போடுவதற்கு முன்னால் இருந்த லீவுப் பதிவுகளையும் ஒருமுறை பாருங்கள். விட்டுப்போனது ஆளுக்கு ஒரு நாள் அல்ல, விண்ணப்பத்துக்கு ஒரு நாள். ஒரேயடியாக 12 நாள் போனவருக்கு 11 என்று விழுந்திருக்கும். தனித்தனியாக 12 முறை ஒரு நாள் லீவு எடுத்தவருக்கு ஒவ்வொன்றும் 0 என்று விழுந்து, 12 நாளும் கணக்கிலேயே ஏறியிருக்காது. லீவு நெடுவரிசையில் 0 எங்கே தெரிந்தாலும் அந்தப் பதிவு தவறு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், லீவு விண்ணப்பத்தில் இரண்டாவது தேதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலர் லீவின் கடைசி நாளை எழுதுவார்கள், சிலர் திரும்ப வேலைக்கு வரும் நாளை எழுதுவார்கள். திரும்ப வரும் நாள் என்றால் அந்த நாள் லீவு அல்ல, ஆகவே வெறுமனே கழித்தாலே போதும், +1 கூடாது. ஆனால் நடுவில் ஞாயிறு வந்தால் இந்த வழி சிக்கலாகும். சனிக்கிழமை லீவு முடிந்து திங்கள் வருகிறவருக்கு ஞாயிறும் லீவாக ஏறிவிடும். ஆகவே படிவத்திலேயே "லீவின் கடைசி நாள்" என்று அச்சடித்துவிடுவது நல்லது. "முதல் – வரை" என்று மட்டும் இருந்தால் ஆளுக்கு ஒரு விதமாக நிரப்புவார்கள்.

நாள் எண்ணிக்கை முதலிலேயே தெரிந்து, முடிவுத் தேதியைக் கண்டுபிடிக்கும்போது இதே பிழை தலைகீழாக வரும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மகப்பேறு விடுப்பில் இதைப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி 26 வாரம், அதாவது 182 நாள். தொடக்கத் தேதியோடு 182ஐக் கூட்டி அதையே கடைசி நாள் என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பெண் அதை நம்பி ஒரு நாள் தள்ளி வந்தாள், அந்த ஒரு நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். எழுதியது அலுவலகம், பணம் போனது அவளுக்கு. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. சரியான கணக்கு, தொடக்கத் தேதியோடு 181. 2025 மார்ச் 3, திங்கள் அன்று தொடங்கினால் கடைசி நாள் ஆகஸ்ட் 31, ஞாயிறு. செப்டம்பர் 1, திங்கள் அன்று வேலைக்கு வர வேண்டும். முழு வாரங்களாக இருந்தால் கிழமையை வைத்தே சரிபார்க்கலாம்: திங்களில் தொடங்கியது ஞாயிறில்தான் முடிய வேண்டும். திங்களில் முடிந்தால் ஒரு நாள் கூடிவிட்டது.

ஞாயிறையும் விடுமுறையையும் தள்ளி எண்ண வேண்டுமானால் `NETWORKDAYS.INTL` இருக்கிறது. இது கழித்தலைப் போல அல்ல, இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணும். பழக்கத்தில் இதற்கும் +1 போட்டு ஒரு நாளைக் கூட்டிவிடுகிறவர்கள் நிறைய பேர். லீவுக்கு அதை அப்படியே பயன்படுத்துங்கள். கீழே உள்ள சூத்திரங்களில் வரும் 11 என்ற எண், ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்பதைக் குறிக்கும். H நெடுவரிசையில் உங்கள் யூனிட் விடுமுறை நாள்களை எழுதிவைத்தால் அவற்றையும் தள்ளிவிடும். 10-06-2025 முதல் 17-06-2025 வரை விரலில் எண்ணினால் 8, நடுவே 15ஆம் தேதி ஞாயிறு, ஆகவே 7 வரும்.

தாமதத்தையும் வேலை நாளாகக் கணக்கிடுவதாக ஒப்பந்தம் இருந்தால், இந்த விடையில் 1ஐக் கழித்தால் போதும் என்று தோன்றும். கெடு நாளே ஞாயிறாக இருந்தால் அது காலை வாரும். ஞாயிறை இந்தச் சூத்திரம் முதலிலேயே எண்ணவில்லை, நீங்கள் இன்னொரு முறை கழிப்பீர்கள். அதனால் கெடுவுக்கு அடுத்த நாளிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். லீவு முதலில், தாமதம் அடுத்தது:

```
=NETWORKDAYS.INTL(A2,B2,11,$H$2:$H$20)
=IF(B2>A2,NETWORKDAYS.INTL(A2+1,B2,11,$H$2:$H$20),0)
```

IF இல்லாவிட்டால், கெடு நாளிலேயே வந்த சரக்குக்குத் தேதிகள் முன்பின்னாக மாறி மைனஸ் எண் காட்டும்.

+1ஐ எடுத்த பிறகும் தாமதம் 5 என்றே தெரிந்தால் பயப்பட வேண்டாம், வந்த தேதிக்குள் நேரம் ஒளிந்திருக்கும். வழியில் நெரிசலில் நின்று, 14ஆம் தேதி மாலை 6.30க்கு லாரி கேட்டுக்குள் வந்து, கேட் பதிவிலிருந்து அந்தத் தேதியை நேரத்தோடு எடுத்து ஒட்டியிருந்தால் கழித்தல் விடை 4.77. செல்லில் தசமம் காட்டாமல் வைத்திருந்தால் அது 5 என்று தெரியும். அந்தச் செல்லைச் சொடுக்கி மேலே உள்ள பட்டையில் பாருங்கள், தேதிக்குப் பக்கத்தில் நேரம் இருந்தால் இதுதான் காரணம். நேரத்தை வெட்டிவிட்டுக் கழியுங்கள்:

```
=MAX(0, INT(B2)-INT(A2))
```

கெடு தேதியே சரிதானா என்பதையும் அவர் கேட்கக்கூடும். ஆர்டரில் தேதியைக் குறிப்பிடாமல் "ஆர்டர் தேதியிலிருந்து 10 நாளுக்குள்" என்று எழுதியிருந்தால், ஆர்டர் கொடுத்த நாளை எண்ணாமல் மறுநாளை 1 என்று வைப்பதே வழக்கம். 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் 9ஆம் பிரிவு, சட்டங்களில் வரும் "இலிருந்து" என்ற சொல்லுக்கு இதே முறையைத்தான் சொல்கிறது. மே 31 ஆர்டர் என்றால் கெடு ஜூன் 10. உங்கள் ஆர்டரில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதுதான் செல்லும். அடுத்த ஆர்டரிலிருந்து நாள் எண்ணிக்கையை எழுதாமல், கெடு தேதியையே எழுதிவிடுங்கள்.

இப்போது அவர் பில்லுக்கு வருவோம். எவ்வளவு பிடித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பில் 80,000 ரூபாய், ஒரு நாள் தாமதத்துக்கு அரை சதவீதம் என்றால் நாளுக்கு 400 ரூபாய். 4 நாளுக்கு 1,600 பிடிக்க வேண்டிய இடத்தில் 2,000 பிடித்திருப்பீர்கள். 400ஐத் திருப்பித் தர வேண்டும். இந்த ஒரு பில்லோடு விடாமல், +1 போட்ட நாளிலிருந்து அவர் அனுப்பிய எல்லா பில்லையும் திறந்து பாருங்கள். தாமதமான ஒவ்வொன்றிலும் ஒரு நாள் தொகை கூடுதலாகப் போயிருக்கும். 1 நாள் தாமதம் என்று பிடித்தவையோ கெடு நாளிலேயே வந்தவை, அவற்றில் பிடித்தது முழுவதையும் கொடுத்துவிடுங்கள். மற்ற சப்ளையர்களுக்கும் அதே ஷீட்தான் என்றால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் அவர்கள் கணக்கையும் சேர்த்தே திருத்துங்கள்.