தட்டினால் ‘டொப்’ என்கிற தரை: டைல்ஸ் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, பதித்த டைல்ஸ் அடியில் காலியாக இருப்பதைப் பற்றியே. அதனால் மற்ற கேள்விகளிலும் அதை ஒட்டியவற்றையே எடுத்திருக்கிறேன்.

காரைக்குடியில் புது வீடு கட்டி எட்டு மாதம் ஆகிறது. ஹாலில் 2-க்கு 2 விட்ரிஃபைட் டைல்ஸ். நாணயத்தால் தட்டினால் பத்துக்கு நான்கு ‘டொப்’ என்கிறது. சிமெண்ட் தாராளமாகத்தான் போட்டார்கள். ஏன் இப்படி?

ஓரமாக ஒரு டைலைப் பெயர்த்து அதன் முதுகைப் பாருங்கள். காரணம் அங்கே எழுதியிருக்கும்.

முதுகு துடைத்து வைத்தது போல இருந்து, கலவை முழுதும் தரையிலேயே தங்கியிருந்தால், சிமெண்ட் பால் டைலைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். சாதாரண செராமிக் டைல் தண்ணீரை உறிஞ்சும். அதோடு சிமெண்ட் பாலும் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் டைல் உறிஞ்சுவது அதன் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. கண்ணாடி மேல் சிமெண்ட் பூசியது போலத்தான். எவ்வளவு சிமெண்ட் போட்டாலும் இது மாறாது, இதற்கு டைல் ஒட்டும் பசைதான் வேண்டும். போதாக்குறைக்கு, சூளையில் ஒட்டாமல் இருக்கத் தடவும் வெள்ளைப் பொடி பல டைல்களின் முதுகில் அப்படியே இருக்கும். விரலால் தேய்த்தால் மாவு போல வரும். ஈரத்துணியால் அதைத் துடைக்காமல் பதித்தால் பசையும் பொடியைத்தான் பிடிக்கும், டைலை அல்ல.

முதுகில் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து உருண்டை மட்டும் ஒட்டியிருக்கிறதா? அப்போது வேலை செய்த விதம்தான் தப்பு. உருண்டைகளுக்கு இடையில் காற்றுதான் இருக்கிறது. அந்த இடத்தில் கட்டில் கால் அழுத்தினால் டைல் விரிசல் விடும்.

வேலை நடக்கும்போதே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பதினைந்து டைலுக்கு ஒன்றை, பதித்த கையோடு தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகில் ஐந்தில் நான்கு பங்காவது பசை படிந்திருக்க வேண்டும். குளியலறையில் ஏறக்குறைய முழுதுமே. பல் கரணையால் பசையை ஒரே திசையில் கோடாக இழுத்து, டைலை வைத்து, அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே லேசாக நகர்த்தி அழுத்தினால் கோடுகள் படுத்து, காற்று வெளியேறும். வட்டமாகச் சுழற்றி இழுத்தால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். 2-க்கு 2 அளவுக்கு மேலே போனால் டைல் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு கட்டாயம்.

நம் ஊர் வெயிலில் இன்னொன்றும் நடக்கிறது. ஜன்னல் திறந்த ஹாலில் அனல் காற்று அடித்தால், விரித்த பசையின் மேல் பத்து நிமிடத்திலேயே ஆடை படிந்துவிடும். விரலால் தொடுங்கள். விரலில் ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறிய வேண்டியதுதான். தண்ணீர் தெளித்துப் புதுப்பிக்க விடாதீர்கள்.

தேவகோட்டையிலிருந்து: தளம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. “பசையிலேயே மட்டம் பண்ணிடலாம், தனியா கலவை எதுக்கு?” என்கிறார் கொத்தனார். சரியா?

சரியில்லை. பசை ஒட்டுவதற்கு, மட்டம் செய்வது கலவையின் வேலை. பசையைக் கனமாகப் போட்டால் காயும்போது சுருங்கும், மூலைகள் இறங்கும், அடியில் வெற்றிடம் விழும். பசை 3 முதல் 6 மில்லிக்குள் இருந்தால் நல்லது.

சமீபத்தில் நான் பார்த்த ஒரு பட்டாசாலை 24-க்கு 15 அடி. டியூப் லெவல் பிடித்துச் சுவர் முழுக்க ஒரே உயரத்தில் கோடு போட்டோம். கோட்டிலிருந்து தளத்துக்கு அளந்தால், நிலைவாசல் பக்கம்தான் மேடு. பின் மூலை அதைவிட 22 மில்லி பள்ளம். முதலில் முடிவான தரை உயரத்தை நிலைவாசலை வைத்து உறுதி செய்தோம். டைல் 9 மில்லி, பசை 4 மில்லி, ஆக 13 மில்லியைக் கழித்து, அதற்குக் கீழே கலவைத் தளத்தின் மட்டம். தளத்தைக் கொத்திவிட்டு, நனைத்து, சிமெண்ட் பால் அடித்து, ஒன்றுக்கு நான்கு கலவை போட்டோம். மேட்டில் 30 மில்லி, பள்ளத்தில் 52. மேல்பரப்பைப் பளபளப்பாக இழைக்காமல் மரப்பலகையால் சொரசொரப்பாக விட்டோம். ஏழு நாள் தண்ணீர் கட்டி, இன்னும் ஒரு வாரம் ஆறவிட்டுத்தான் டைல். ஆறடி மட்டப்பலகையை எங்கு வைத்தாலும் அடியில் 3 மில்லிக்கு மேல் இடைவெளி தெரியவில்லை. 360 சதுர அடிக்கு 20 கிலோ பசை மூட்டை எட்டு போதுமாக இருந்தது. அந்தப் பள்ளத்தைப் பசையால் நிரப்பியிருந்தால் மூட்டை எத்தனை ஆகியிருக்கும் என்று உங்கள் கொத்தனாரிடமே கேளுங்கள்.

கானாடுகாத்தானில் எங்கள் ஆச்சி வீட்டு முகப்புக்கு ஆத்தங்குடி கல் வாங்கியிருக்கிறோம். இதற்கும் பசைதானே?

இல்லை, இதற்குக் கலவைதான். ஆத்தங்குடி கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்ட்டும் மணலும் வைத்துக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதனால் ஒன்றுக்கொன்று கனம் மாறும். அந்த வித்தியாசத்தை மெல்லிய பசை தாங்காது, கலவைதான் ஏற்றுக்கொள்ளும். முதுகு உறிஞ்சும் என்பதால் சிமெண்ட் பால் நன்றாகவே பிடிக்கும். பதிக்கும் முன் முதுகை நனையுங்கள். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அப்போதும் ‘டொப்’தான். இரும்புச் சுத்தியல் வேண்டாம், கையால் அழுத்தி ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். முகத்தில் சிமெண்ட் பட்டால் அப்போதே துடையுங்கள். பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவினால் வண்ணமே போய்விடும். இந்தக் கல்லை இப்படிப் பாழாக்கிய வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பள்ளத்தூர் வாசகர்: முற்றத்தைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் டைல்ஸ் பதித்தோம். சித்திரை மாதம் மதியம் ‘படார்’ என்று சத்தம், இரண்டு டைல் கூரை மாதிரி எழும்பி நிற்கிறது.

வெயிலில் நீண்ட டைல்களுக்குப் போக இடமில்லை. காலையில் 25 டிகிரியில் இருக்கும் டைல், முற்றத்து வெயிலில் 55-ஐத் தொடலாம். 30 அடி வரிசை அந்தச் சூட்டில் சுமார் 2 மில்லி நீளும். 2 மில்லிதானே என்று தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் சுவர் முட்டிக்கொண்டிருந்தால், மொத்த அழுத்தமும் எங்கே ஒட்டுப் பலவீனமோ அங்கே தூக்கிவிடும். உங்களுக்கு எழும்பிய இரண்டும் முன்பே ‘டொப்’ என்றவையாகத்தான் இருக்கும்.

திரும்பப் பதிக்கும்போது டைலுக்கு டைல் 3 மில்லி ஸ்பேசர் வையுங்கள். வீட்டுக்குள் 2 மில்லி போதும். சுவரோரம் 6 முதல் 8 மில்லி காலியாக விடுங்கள். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். அந்த இடத்தில் கலவை போய் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதைத்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். வெயில் விழும் இடத்தில் 10 அடிக்கு ஒரு இணைப்பில் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான் போன்ற நெகிழும் பொருளை நிரப்புங்கள்.

‘டொப்’ என்ற டைலில் துளை போட்டுச் சிமெண்ட் பால் ஊற்றினால் சரியாகுமா?

விட்ரிஃபைட்டில் ஆகாது. முன்பு பிடிக்காத சிமெண்ட் பால் இப்போது மட்டும் பிடிக்குமா? நீர்த்த எபாக்சியை இணைப்பு வழியாகச் செலுத்தினால் சில இடங்களில் நிற்கும். நடுவில் கையளவு சத்தம் என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஓரமோ மூலையோ சத்தம் தந்தாலும், மிதிக்கும்போது டைல் அசைந்து கிரவுட் உதிர்ந்தாலும், அந்த டைலை எடுத்துவிட்டு, அடியிலிருக்கும் பழைய பசையை முழுக்கச் சுரண்டி, புதிதாகப் பதியுங்கள்.