ஒரு வரி, ஒரு பத்தி, ஒரு விரிவு

வணக்கம் சேர்,
எங்கள் கரையோரக் கிணறுகளைச் சோதித்து எழுதிய 40 பக்க அறிக்கை சங்கத்துக்கு வந்திருக்கிறது. நோட்டீஸுக்கு ஒரு வரி, கூட்டத்தில் வாசிக்க ஒரு பத்தி, பிரதேச செயலகத்துக்கு விரிவான சுருக்கம் என மூன்றும் கேட்கிறார்கள். விரிவானதை எழுதிவிட்டு வெட்டிக்கொண்டே வந்தால் போதுமா?
— ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

வணக்கம் தங்கச்சி,

வெட்டிக்கொண்டே வந்தால் எந்த இடம், எந்த மாதம், எத்தனை கிணறு என்பவைதான் முதலில் விழும். நான் அப்படி ஒரு தவறு செய்திருக்கிறேன். எழுவான்கரையில் கடலோரக் கிணறுகளை மட்டும் சோதித்த ஓர் அறிக்கைக்கு, ‘கிணறுகளில் உவர் ஏறியிருக்கிறது’ என்று ஒரு வரி எழுதினேன். விரிவில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் வாவிக்கு மேற்கே, சோதனையே நடக்காத படுவான்கரையில் இருந்து ஒரு தாய் அழைத்து, “எங்கட கிணத்துத் தண்ணிய பிள்ளைக்குக் குடுக்கலாமா?” என்று கேட்டார். அவர் பார்த்தது நோட்டீஸை மட்டும்.

அதனால் முதலில் அறிக்கையின் முடிவுகளைப் பக்க எண்ணோடு தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றையும் அந்தத் தாளில் இருந்தே எழுதுங்கள். விளங்குவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். கடலுக்கு அருகே 60 கிணறுகளை ஓகஸ்டில் சோதித்தார்கள், 22 உவர் என்று வையுங்கள். ‘கிணற்று நீர் பற்றி ஆய்வு’ என்ற வரி யாருக்கும் ஒன்றும் சொல்லாது. ‘கடலோரத்தில் ஓகஸ்டில் சோதித்த 60 கிணறுகளில் 22 உவர்’ என்று எழுதினால், இடமும் காலமும் உள்ளேயே இருக்கின்றன.

பத்தி, கிணறு வைத்திருக்கும் குடும்பத்துக்கு. அதே வரியில் தொடங்கி, எந்த ஒழுங்கைகளில் உவர், இனி என்ன செய்வது என்று சொல்லுங்கள். கொதிக்கவைத்தால் உப்புப் போகாது, நீர் ஆவியாகி உப்பு இன்னும் கூடும் என்பது கட்டாயம் வர வேண்டும். கூட்டத்தில் முதலில் கேட்கப்போவதே அதுதான். ஓகஸ்ட் வரட்சிக் காலம் என்பதால், மாரிமழைக்குப் பிறகு திரும்பச் சோதிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

விரிவைப் படிக்கும் உத்தியோகத்தர் தண்ணீர்ப் பவுசரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டியவர். அவருக்குக் கிணறு வாரியாக, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், கடலில் இருந்து தூரம், சோதித்த திகதி, எந்த அளவுக்கு மேல் உவர் என்று எடுத்தார்கள் என்பதெல்லாம் தேவை.

மூன்றிலும் எண்ணை ஒரே விதமாக எழுதுங்கள். ஓரிடத்தில் 22, இன்னோரிடத்தில் 37 வீதம் என்று வந்தால் இரண்டு ஆய்வு என்று நினைப்பார்கள்.

அப்புறம், காரணம். மோட்டர் போட்டு அதிகம் இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறும். அறிக்கை அதை ‘காரணமாக இருக்கலாம்’ என்று சொல்லியிருந்தால், அந்த ‘இருக்கலாம்’ பத்தியிலும் இருக்க வேண்டும். நோட்டீஸில் அதற்கு இடம் இல்லையென்றால் காரணத்தையே விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு மோட்டரைப் பார்த்துச் சண்டை தொடங்க அந்த ஒரு சொல் இல்லாமற்போவதே போதும்.

எழுதி முடித்ததும் ஒரு வரியை மட்டும் அறிக்கை படிக்காத ஒருவரிடம் கொடுத்து, எங்கே, எப்போது, எத்தனையில் எத்தனை என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் நோட்டீஸை ஒட்ட வேண்டாம்.