தீபாவளி வார ஆஃபரில் குடும்பப் படம்: 999 ரூபாய்க்குள் எது வரும், எது வராது

கேள்வி: எங்கள் ஊர் ஸ்டுடியோவில் தீபாவளி வாரத்துக்கு ஓர் ஆஃபர் போட்டிருக்கிறார்கள். 999 ரூபாய்க்கு 20 நிமிடம் படம் எடுத்து, ஒரு 12க்கு 15 படத்தை ஃப்ரேம் போட்டுத் தருவார்களாம். 4 பேர் வரைக்கும்தான் இந்த விலை. அதற்கு மேல் ஆளுக்கு 150, சாஃப்ட் காப்பி படத்துக்கு 200. நாங்கள் 9 பேர். அம்மாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. சின்னவளுக்கு இரண்டு வயது. பண்டிகைக்கு முன்னாடியே வந்தால் கூட்டம் இருக்காது என்கிறார்கள். எடுக்கலாமா? எல்லோரும் ஒரே கலரில் துணி எடுத்தால் நன்றாக இருக்குமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லும் நாளில் வேண்டாம், 12க்கு 15 அளவிலும் வேண்டாம்.

முதலில் கணக்கு. உங்கள் வீட்டுக்கு 999 என்பது வாசல் விலைதான். கூடுதலாக 5 பேர், ஆளுக்கு 150 வீதம் 750. அங்கேயே 1,749 ஆகிவிடுகிறது. ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு ஒரே படத்தோடு யாரும் திரும்புவதில்லை. எல்லோரும் இருக்கும் படம் ஒன்று, அம்மாவும் பேரப்பிள்ளைகளும் ஒன்று, அண்ணன் தம்பிகள் ஒன்று என்று மூன்று சாஃப்ட் காப்பி வாங்கினால் 600. ஆக 2,349. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நானும் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ நடத்தியவன். போர்டில் போடும் விலை உள்ளே வரவழைக்கத்தான், வரவு வருவது கூடுதல் ஆளிலும் கூடுதல் காப்பியிலும்தான். அதனால் தலைக்கு இவ்வளவு என்று பேரம் பேசாதீர்கள். "ஒன்பது பேர், மூன்று சாஃப்ட் காப்பி, ஒரு ஃப்ரேம், மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் குறைப்பார்கள். அந்தத் தொகையை அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 12க்கு 15. கேமராவில் விழும் படம் பெரும்பாலும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருக்கும். அதை அப்படியே பெரிதாக்கினால் 12க்கு 18 வரும். 12க்கு 15 பிரிண்ட் போட வேண்டுமென்றால் நீளத்தில் மூன்று அங்குலத்தை வெட்டியாக வேண்டும், பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். நாலு பேர் படத்தில் அது வெறும் திரையாகப் போய்விடும். ஒன்பது பேர் வரிசையில் ஓரத்தில் நிற்பவரின் தோளும் கையும்தான் போகும். என் ஸ்டுடியோவிலேயே ஒருமுறை இது நடந்தது. ஓரத்தில் நின்ற மாப்பிள்ளையின் கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டுப் பிரிண்ட் வந்துவிட்டது. எடுத்த பையன் ஃப்ரேம் முழுக்க ஆட்களை நிரப்பிவிட்டான், பிரிண்ட் அளவை யோசிக்கவில்லை. மாமியார் வீட்டில் அந்தப் படத்தை எப்படி மாட்டுவது? வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், அதிலும் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே கொஞ்சம் கூடுதல் காசு கேட்டாலும் 12க்கு 18 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லை, அதே அளவில்தான் ஃப்ரேம் இருக்கிறது என்றால், எடுக்கும்போதே "இது 12க்கு 15க்குத்தான், ரெண்டு பக்கமும் இடம் விட்டு எடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நாள். பண்டிகைக்கு முன்னால் வரச் சொல்வது அவர்களுக்கு வசதி. உங்களுக்கு அதில் மூன்று சிக்கல். புதுத்துணிக்கு மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு பெரியவர் கையால் வாங்கி உடுத்துகிற வீடுகளில் அதை முன்னாடியே போட்டுப் பார்ப்பதே கிடையாது. அதிலும் 78 வயது அம்மா இருக்கும் வீட்டில் இதைப் பேசிச் சமாளிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, வெளியூரில் இருப்பவர்கள் முதல் நாள் இரவுதான் வந்து இறங்குவார்கள். மூன்றாவது, பிளவுஸ். தையல்காரர் தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடியே தருவதாகச் சொல்லியிருந்தால் அதை நம்பி ஸ்டுடியோவில் நேரம் குறிக்காதீர்கள்.

தீபாவளி அன்றைக்கே எடுத்தால்? கடை திறந்திருந்தால்கூட நான் வேண்டாம் என்பேன். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிக் குளிப்பாட்டிய இரண்டு வயதுக் குழந்தை பதினோரு மணிக்குச் சிணுங்க ஆரம்பித்துவிடும். தலையில் எண்ணெய் முழுதாகப் போயிருக்காது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் நெற்றி கண்ணாடி மாதிரி மின்னும். எனவே மறுநாள் காலை பத்தரை மணி. டிபன் முடிந்திருக்கும், குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்திருக்கும், ஊருக்குத் திரும்புகிறவர்களும் பெரும்பாலும் மாலை பஸ்ஸுக்குத்தான் கிளம்புவார்கள். அட்வான்ஸ் மட்டும் இப்போதே கட்டி, ஆஃபர் எந்தத் தேதி வரை செல்லும் என்று ரசீதில் குறித்து வாங்குங்கள்.

மறுநாள் என்றால் துணியைக் காப்பாற்ற வேண்டும். மஞ்சளைக் காலரில் தடவாமல் உள்மடிப்பில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் தடவுங்கள். வெள்ளைச் சட்டையின் காலர் நுனியில் இருக்கும் மஞ்சள் பொட்டு படத்தில் கறையாகத்தான் தெரியும். மத்தாப்பு கொளுத்தும்போது பட்டை மாற்றிப் பருத்தித் துணிக்கு வந்துவிடுங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. ஒரு பொறி விழுந்தால் போதும், கடுகளவு ஓட்டை. பட்டைத் துவைக்க வேண்டாம், நிழலில் காற்றாட விரித்துப் போட்டாலே போதும். புதுச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கோட்டோடு போட்டு வருவார்கள். ஸ்டுடியோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அந்த மடிப்பு நெஞ்சில் சிலுவை போட்டது போலத் தெரியும். இஸ்திரி போடாமல் வராதீர்கள்.

கலர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நிறம் வேண்டாம். ஒன்பது பேரும் அரக்குச் சிவப்பில் நின்றால் யார் கை எங்கே முடிகிறது என்று தெரியாது, ஒரு சிவப்புத் திட்டில் ஒன்பது முகங்கள் மிதக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் இரண்டு மூன்று நிறங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வெள்ளை வேட்டி, சந்தன நிறச் சட்டை. பெண்கள் அரக்கும் மயில் நீலமும் என்றால் அழகாக இருக்கும். துணி எடுப்பதற்கு முன் ஸ்டுடியோவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பின்னால் என்ன திரை? அரக்குத் திரை என்றால் அரக்குப் புடவை அதில் கரைந்துவிடும். அதைவிட மோசம் பச்சைத் திரை. அரண்மனை, தோட்டம் என்று பின்னணியைக் கம்ப்யூட்டரில் மாற்றித் தருகிறவர்கள் அதைத்தான் தொங்கவிடுவார்கள். அதன் முன்னால் கிளிப்பச்சைப் பட்டு கட்டி நின்றால், திரையோடு சேர்த்துப் புடவையும் அழிந்து, இடுப்புக்கு அருகில் அரண்மனைத் தூண் தெரியும்! மிகப் பொடியான கட்டம் போட்ட சட்டையும் வேண்டாம். டிஜிட்டல் படத்தில் அந்தக் கட்டங்கள்மேல் அலை அலையாக வானவில் கோடுகள் ஓடும், சரிசெய்வது கஷ்டம்.

ஜரிகையைப் பற்றி ஒன்று. நேர் எதிரே இருந்து ஃபிளாஷ் அடித்தால் ஜரிகை வெள்ளைப் பட்டையாக எரிந்துபோகும், அதில் இருக்கும் மயிலும் தெரியாது, மாங்காயும் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி உயர்த்தினால் வேலைப்பாடு தெரியும். முதல் படம் எடுத்ததும் கேமராத் திரையில் அம்மாவின் புடவைக் கரையைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே பின்வரிசையில் நிற்பவரின் கண்ணையும் பெரிதாக்கிப் பாருங்கள். முன்வரிசை கூர்மையாகவும் பின்வரிசை மங்கலாகவும் இருந்தால், வரிசைகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம் அல்லது லென்ஸை ரொம்பத் திறந்துவைத்திருக்கிறார். "கொஞ்சம் நெருங்கி நிற்கிறோம், எஃப் 8 வைத்து எடுங்கள்" என்று சொன்னால் அவருக்குப் புரியும். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள், காதுக்கு மேல் இருக்கும் கம்பியைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டால் கண்ணாடி லேசாகக் கீழே சாயும், விளக்கு அதில் தெரியாது.

20 நிமிடம் ஒன்பது பேருக்குப் பற்றாது. இரண்டு பேருக்கான நேரத்தை, அதாவது இரண்டு 20 நிமிடங்களை, சேர்த்துக் கேளுங்கள். உள்ளே போனதும் முதலில் எல்லோரும் இருக்கும் படம், அம்மா நடுவில் நாற்காலியில். ஜோடிப் படம், தனிப்படம் எல்லாம் அப்புறம். பல வீட்டில் இதைத் தலைகீழாகச் செய்து, கடைசியில் குழந்தை அழும்போது குரூப் எடுப்பார்கள். எத்தனை தடவை எடுப்பது என்பதற்கு ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் இதை ஆராய்ந்து, அதற்காக 2006-இல், சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை வாங்கினார்கள். 20 பேருக்குக் குறைவான குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்த அளவுக்குப் படம் எடுத்தால், யாருமே கண் மூடாத ஒன்று அநேகமாகக் கிடைத்துவிடும். உங்களுக்கு மூன்று. ஆனால் அந்தக் கணக்கில் இமை மட்டும்தான் உண்டு, வேறு பக்கம் திரும்பும் இரண்டு வயசுக்காரி இல்லை. பத்துப் படமாவது எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டுடியோ மாடியில் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். அம்மாவைப் படியேற்றி, வேர்த்து, பவுடர் கலைந்து நாற்காலியில் உட்கார வைத்தால் அந்த வலிதான் முகத்தில் தெரியும். மாடி என்றால் வீட்டுக்கு வந்து எடுக்க என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

காசு கொடுத்து நீங்கள் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நம் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி நீங்கள்தான் முதல் உரிமையாளர். அதனால் ரசீதின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். விளம்பரத்துக்குப் படத்தைப் பயன்படுத்தலாம் என்று இருந்தால், வேண்டாமென்றால் அந்த வரியை அடித்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாஃப்ட் காப்பியைச் சாதாரணமாக வாட்ஸாப்பில் அனுப்பி முடித்துவிடப் பார்ப்பார்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், ஃபோனில் பார்க்க நன்றாக இருக்கும், பெரிதாகப் பிரிண்ட் போட உதவாது. 12க்கு 18 நன்றாக வர வேண்டுமானால் 5400க்கு 3600 பிக்ஸல் அளவு வேண்டும். வீட்டிலிருந்து ஒரு பென் டிரைவைக் கொண்டுபோய், அதில் ஏற்றியதும் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து அளவைப் பாருங்கள். நீளப் பக்கத்தில் 1600 என்று காட்டினால் அது சுருக்கிய காப்பி. முழு அளவு ஃபைல் கையில் வந்த பிறகு பாக்கித் தொகையைக் கொடுங்கள்.