சீனி போடாத கரும்புச்சாறு, சுகர்க்காரருக்குச் சரிவருமோ?

கேள்வி: "52 வயசு, சுகருக்கு மெட்ஃபோமின் மட்டும் போடுறன். பின்னேரம் வேலை முடிஞ்சு வரேக்க உட்துறைமுக வீதியில கரும்புச்சாறு ஒரு கிளாஸ் குடிக்கிறனான், சீனி போடாததுதானே. ரெண்டு மணித்தியாலம் கழிச்சுக் குத்திப் பாத்தா 160தான் காட்டுது. தொடரலாமோ, இல்லாட்டி தோடம்பழ ஜூஸுக்கு மாறவோ?"

ரெண்டும் வேண்டாம். கடைக்காரர் சீனி போடேல்ல எண்டது உண்மையா இருக்கலாம், ஆனா கந்தளாய்ல ஃபக்டரி ஓடின காலத்தில இதே சாறைக் காய்ச்சித்தானே சீனி எடுத்தவங்கள். 250 மில்லி கிளாஸ் ஒண்டில 30 கிராமுக்குக் கிட்ட, சிலநேரம் அதுக்கு மேலயும் சீனி வரும், அதாவது ஆறேழு தேக்கரண்டி. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள்ள நிண்டா நல்லம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பழச்சாறில இருக்கிற சீனியும் அந்தக் கணக்குக்குள்ளதான்.

அந்த 160ஐ நம்பித்தான் கனபேர் ஏமாறுறது. சாறில நார் இல்ல, அதால சுகர் கெதியா ஏறி இறங்கிடும், ரெண்டு மணித்தியாலத்தில நீங்கள் பாக்கிறது இறங்கினதுக்குப் பிறகு உள்ள நம்பர். ஒருநாள் முதல் வாய் குடிச்சதில இருந்து ஒரு மணித்தியாலத்தில குத்திப் பாருங்கோ, வித்தியாசம் தெரியும். இன்னொண்டு, கரும்புச் சீனி உடைஞ்சா பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ், மீட்டர் குளுக்கோஸ மட்டும்தான் காட்டும், மற்றப் பாதி ஈரலுக்குப் போய் அளவுக்கு மிஞ்சினா கொழுப்பா மாறுது. ஈரல் கொழுப்பும் ட்ரைகிளிசரைட்டும் கூடினா சுகரக் கட்டுப்படுத்துறது இன்னும் கஷ்டம்.

தோடம்பழ ஜூஸ் ஒரு கிளாஸுக்கு மூண்டு நாலு பழம் போகும், சக்கையோட நாரும் போயிடும், கடையில சீனிப்பாணி வேற ஊத்துவாங்கள். ஒரு பழத்தை உரிச்சுச் சாப்பிடுங்கோ, நாலு பழத்தை ஒரேயடியாச் சாப்பிட உங்களுக்கே மனம் வராது.

சுத்தத்தில எனக்குப் பெரிய பயம் ஐஸ்தான். மீனுக்கு அடிக்கிற ஐஸ் கட்டி குடிக்கிற தண்ணியில செய்ததா இருக்கோணும் எண்டில்ல, அதை உடைச்சுப் போட்டா குளிர் கிருமியக் கொல்லாது, தேசிக்காய் பிழிஞ்சாலும் சாகாது. மெஷின் உருளையில ஒட்டியிருக்கிற பழைய சக்கை, அதில மொய்க்கிற ஈ, ஒரே வாளித் தண்ணியில கழுவுற கிளாஸ், இதுகளையும் கவனியுங்கோ. நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரியும் இப்பிடித்தான் வாறது. வாந்தி வயிற்றோட்டத்தில தண்ணி வத்தினா சிறுநீரகம் பாதிக்கப்படும், அந்த நேரம் மெட்ஃபோமின் தொடர்ந்து போடுறதும் ஆபத்து, அதனால நிப்பாட்டவோ எண்டு உடனேயே கிளினிக்ல கேளுங்கோ.

சுகர் 70க்குக் கீழ இறங்கி வேர்த்து நடுங்கினா மட்டும் ஜூஸ் மருந்து மாதிரி, அதுவும் அரைக் கிளாஸ்தான். கால் மணித்தியாலத்தில திரும்பக் குத்திப் பாருங்கோ. ஆனா மெட்ஃபோமின் மட்டும் போடுற உங்களுக்கு அப்பிடி இறங்குறது அரிது.