கூப்பிட்டால் வருவீர்களா: கூரைச் சூரியசக்தி நிறுவனத்தின் அடையாளம் எங்கே தொடங்க வேண்டும்

கேள்வி: திருச்சியில் நான்கு ஆண்டுகளாக வீடுகளுக்கு சோலார் பொருத்தித் தருகிறோம். இதுவரை 140 வீடுகள், பெரும்பாலும் 3 கிலோவாட். விலை பேசி முடிக்கும் நேரத்தில் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "மாட்டிட்டுப் போன பிறகு கூப்பிட்டா வருவீங்களா?" எங்கள் சர்வீஸ் மோசம் இல்லை. கடந்த ஆறு மாதத்தில் 52 அழைப்புகள். இன்வெர்ட்டரே பழுதானது மூன்று வீடுகளில்தான். கம்பெனியிலிருந்து மாற்று வர 11, 16, 24 நாட்கள் ஆயின. பெயரையும் லோகோவையும் புதிதாக மாற்றினால் நம்பிக்கை கூடுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயரை மாற்றாதீர்கள். உங்கள் தொழிலில் வாடிக்கையாளரின் அச்சம் பேனல் தரத்தைப் பற்றியது அன்று. பொருத்தியவர் காணாமல் போய்விடுவார் என்பதைப் பற்றியது. நான்கு ஆண்டுகள் ஒரே பெயரில் இருந்த நிறுவனம் திடீரெனப் புதுப் பெயரில் வந்தால், பழைய 140 வீட்டாரும் அவர்களிடம் விசாரிக்கும் அக்கம்பக்கத்தாரும் முதலில் நினைப்பது "பழைய கம்பெனியை மூடிவிட்டார்களா" என்பதாகத்தான் இருக்கும். லோகோவையும் அவசரப்பட்டுத் தொடவேண்டாம். மஞ்சள் சூரியனும் பச்சை இலையும் ஊரில் உள்ள எல்லா சோலார் நிறுவனங்களுக்கும் பொதுச் சொத்தாகிவிட்டன. அதில் ஒரு கதிரைக் கூட்டினாலும் குறைத்தாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை.

முதலில் துண்டுப்பிரசுரத்தில் உள்ள வாக்குறுதிகளைப் பார்ப்போம். "5 ஆண்டு இலவசப் பராமரிப்பு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அது உங்களைத் தனித்துக் காட்டாது. 2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியத்துடன் பொருத்தும் ஒவ்வொரு நிறுவனமும் ஐந்தாண்டுப் பராமரிப்பைத் தந்தாக வேண்டும் என்பதே விதி. "25 வருட வாரண்டி" என்பது இன்னும் சிக்கலானது. அது பேனல் தயாரிப்பாளர், பேனலின் மின்னுற்பத்தித் திறன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காது என்று தரும் உறுதி. இன்வெர்ட்டரின் வாரண்டி வேறு, அதைத் தருபவரும் வேறு. காலமும் அதைவிட மிகக் குறைவு. ஸ்டாண்டு, வயரிங், எர்த்திங் ஆகியவற்றுக்குப் பொறுப்பு நீங்கள் மட்டுமே. இந்த மூன்றையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிட்டால், ஏழாவது ஆண்டில் இன்வெர்ட்டர் நின்றுபோகும்போது வீட்டுக்காரர் பிரசுரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்களைத்தான் கேட்பார். அப்போது நீங்கள் சொல்லும் விளக்கம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அவர் காதில் அது ஏமாற்று வேலையாகவே விழும். ஆகவே அந்த 25ஐ முகப்பிலிருந்து எடுத்துவிட்டு, பேனலுக்கு யார், இன்வெர்ட்டருக்கு யார், வேலைக்கு யார், ஒவ்வொன்றும் எந்தத் தேதி வரை என்று மூன்று வரியில் எழுதிய ஓர் அட்டையைக் கொடுங்கள். ஆண்டுக் கணக்காக அல்லாமல், முடியும் தேதியாகவே எழுதுங்கள்.

உங்கள் அடையாளத்தின் மையத்தில் இருக்க வேண்டிய வாக்குறுதி, நீங்கள் குறிப்பிட்ட அந்த மூன்று பழுதுகளிலிருந்துதான் கிடைக்கப் போகிறது. "24 மணி நேரத்தில் சரிசெய்வோம்" என்று சொன்னால் அது பொய். 24 நாட்கள் ஆன வீடு உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துக்கொள்ளுங்கள். அழைத்த அன்றே பதில் சொல்வதும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஆள் அனுப்புவதும் உங்கள் கையில் உள்ளவை. மாற்று இன்வெர்ட்டர் எப்போது வரும் என்பது தயாரிப்பாளரின் கையில் உள்ளது. முதல் இரண்டையும் காலக்கெடுவோடு வாக்குறுதியாகக் கொடுங்கள். மூன்றாவதற்கு நாள் குறிக்காமல், தாமதத்தின் சுமையில் ஒரு பங்கை நீங்கள் ஏற்பதாக எழுதிக் கொடுங்கள்: "ஏழு நாட்களுக்கு மேல் சோலார் ஓடாமல் இருந்தால், எட்டாவது நாளிலிருந்து நாளொன்றுக்கு ரூ. 75 நாங்கள் தருகிறோம்."

இந்த 75 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கிலோவாட்டுக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 4 யூனிட் என்ற வழக்கமான கணக்கில் 3 கிலோவாட் அமைப்பு 12 யூனிட் தரும். யூனிட்டுக்குச் சுமார் 6 ரூபாய் என்று வைத்தால் 72 ரூபாய் ஆகிறது. கடந்த ஆறு மாதத்தில் இந்த வாக்குறுதி நடைமுறையில் இருந்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று பாருங்கள். 11 நாள் வீட்டுக்கு 4 நாளுக்கு 300 ரூபாய், 16 நாள் வீட்டுக்கு 9 நாளுக்கு 675 ரூபாய், 24 நாள் வீட்டுக்கு 17 நாளுக்கு 1,275 ரூபாய். மொத்தம் 2,250 ரூபாய். ஒரு ஃபிளெக்ஸ் பேனருக்கு இதைவிட அதிகம் கொடுத்திருப்பீர்கள். தாமதமானால் தன் பையிலிருந்து பணம் போகும் என்று எழுதிக் கையெழுத்திடும் நிறுவனம் ஓடிவிடாது என்பதை வீட்டுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்தத் தொகையை "இழப்பீடு" என்று எழுதாதீர்கள். நம் மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கில் படிப்படியாக ஏறுவது. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் மாறிவிடும். எனவே 24 நாள் நின்ற வீட்டின் உண்மையான இழப்பு 75 ரூபாய்க் கணக்கைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். "தாமதத் தொகை" என்று பெயரிட்டு, நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிலையாக வைத்தால் கணக்குச் சண்டை வராது. மின்தடையால் நின்ற நாட்கள் இதில் சேராது என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள்.

மின்தடை என்றதும் மற்ற 49 அழைப்புகள் நினைவுக்கு வருகின்றன. உங்கள் பதிவேட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் தொழிலில் வரும் அழைப்புகளின் வகை எனக்குத் தெரியும். வீட்டில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள், செயலியில் உற்பத்தி பூஜ்யம் என்று காட்டும். எம்.சி.பி. விழுந்திருக்கும். பேனலில் தூசியும் பறவை எச்சமும் படிந்து யூனிட் குறைந்திருக்கும். கரண்ட் போனதும் சோலாரும் நின்றிருக்கும்; பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் லைன்மேனின் பாதுகாப்புக்காக அப்படி நிற்கத்தான் வேண்டும் என்பதைப் பொருத்திய அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவை எவையும் பழுது அல்ல. ஆனால் இவற்றில் எதற்கு அழைத்தாலும் அரை நாள் பதில் இல்லையென்றால் "ஆள் எடுக்கவே இல்லை" என்ற பேச்சு தெருவில் கிளம்பிவிடும். சர்வீஸ் நன்றாக இருந்தும் பெயர் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆகவே உங்கள் அடையாளம் கண்ணுக்குத் தெரிய வேண்டிய முதல் இடம் வீட்டுச் சுவர். ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு செய்யுங்கள். அதில் நிறுவனப் பெயர், பொருத்திய தேதி, "வீட்டு எண் 087" என்பது போன்ற வரிசை எண், சர்வீஸ் எண், நடுவில் பெரிதாக ஒரே வரி: "மின்தடையின்போது சோலார் நிற்பது இயல்பு." தகட்டை மொட்டைமாடியில் மாட்டாதீர்கள், வீட்டுக்காரர் அங்கே மாதம் ஒருமுறை ஏறினாலே அதிகம். மீட்டர் பெட்டிக்கு அருகில், கண் மட்டத்தில், நிழலில் இருக்கட்டும். ஈ.பி. கணக்கெடுக்க வருபவரும் பக்கத்து வீட்டாரும் பார்க்கும் இடம் அது. எழுத்துகளைக் கருப்பிலோ அடர்நீலத்திலோ ஸ்கிரீன் பிரிண்ட் செய்யச் சொல்லுங்கள். டிஜிட்டல் ஸ்டிக்கரில் வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். சோலார்க்காரர்கள் விரும்பும் ஆரஞ்சு நிறம் இந்த இரண்டும் கலந்தது. என் வீட்டு ஏ.சி. பெட்டியில் பொருத்தியவர் ஒட்டிய ஆரஞ்சு ஸ்டிக்கர் இரண்டாம் கோடையில் வெள்ளைக் காகிதமாகிவிட்டது. முன்பே குறித்து வைத்திருந்த கைபேசி எண்ணுக்கு அழைத்தேன். அது அங்கிருந்து விலகிப்போன ஒரு டெக்னீஷியனின் சொந்த எண். அதனால்தான் சொல்கிறேன்: தகட்டில் போடும் எண் எந்த ஆளுக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது. நிறுவனத்தின் பெயரில் எடுத்த எண்ணாக இருக்க வேண்டும். ஆட்கள் மாறினாலும் அது மாறக்கூடாது.

வரிசை எண்ணுக்கு இரண்டு பயன்கள் உண்டு. அழைப்பவர் "எண்பத்தேழு" என்று சொன்னவுடன் பேசுபவர் இன்வெர்ட்டரின் சீரியல் எண், எத்தனை பேனல், கடைசியாக யார் போனார் என்ற தாளைத் திறந்துவிட முடிகிறது. "எந்த ஏரியா சார், எப்போ மாட்டினது" என்ற விசாரணை இல்லாமலே பேச்சு தொடங்குகிறது. இன்னொன்று, 141ஆவது வாடிக்கையாளருக்கு அவருடைய எண்ணே உங்கள் வயதைச் சொல்லிவிடுகிறது.

விற்பனைப் பேச்சின்போது நேற்றுப் பொருத்திய பளபளப்பான கூரையின் படத்தைக் காட்டுவதற்குப் பதிலாக, முதல் ஆண்டில் பொருத்திய கூரையை இன்றைய நிலையில் எடுத்த படத்தைக் காட்டுங்கள். அந்த வீட்டாரின் சம்மதம் பெற்று, அவரோடு பேசவும் வழி செய்யுங்கள். சர்வீஸ் பதிவேட்டையும், பெயர்களை மறைத்து, மேசையில் வையுங்கள்: அழைத்த தேதி, போன தேதி, சரியான தேதி என்ற மூன்று பத்திகள் போதும். 24 நாள் ஆன வரியையும் அதில் விட்டுவையுங்கள். அதை மறைத்த பதிவேட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

எல்லைக்கு வருவோம். ஆறு மாதத்தில் 52 என்றால் வாரத்துக்கு இரண்டு அழைப்புகள். ஒரு டெக்னீஷியன் தாங்குவார். வீடுகள் 400 ஆனால் வாரத்துக்கு ஏறத்தாழ ஆறு, அதுவும் கோடையில் கூடும். இரண்டு நாள் வாக்குறுதி உடையாமல் இருக்க, டெக்னீஷியன் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தை வரையறுத்து, அதற்கு அப்பால் வரும் ஆர்டரை மறுக்க வேண்டியிருக்கும். மணப்பாறையிலிருந்து வரும் ஆர்டரை ஏற்கலாம். தேனியிலிருந்து வருவதை ஏற்காதீர்கள். பலன் தெரிகிறதா என்பதை அறிய, விசாரிக்க வருபவர்களில் எத்தனை பேர் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வாருங்கள். ஓராண்டுக்கு மேல் பழைய வீடுகளின் பரிந்துரையில் வருபவர்களைத் தனியே எண்ணுங்கள்.

தகடு தயாரானதும் புது வீட்டில் தொடங்காதீர்கள். பழைய 140 வீடுகளுக்கும் போய் மாட்டிவிட்டு, அந்தச் சாக்கில் எர்த்திங்கையும் பேனலின் இணைப்பு முனைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். முதலில் போக வேண்டியது 24 நாள் காத்திருந்த வீட்டுக்கு. போகும்போது கையில் 1,275 ரூபாய்க்கு ஒரு காசோலையும் இருக்கட்டும்.