விதிவிலக்குகளைக் காரணத்தோடு நினைவில் வைப்பது எப்படி?

கேள்வி: "பிளஸ் டூ முடித்துவிட்டு நீட் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ஆவர்த்தனப் பண்புகளின் பொதுப்போக்கு நினைவில் நிற்கிறது. ஆனால் விதிவிலக்குகள் தேர்வு நேரத்தில் குழம்பிவிடுகின்றன. அணைவுச் சேர்மங்களிலும் நிக்கல் சேர்மங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் எடுப்பது ஏன் என்று பிடிபடவில்லை. விரைவாக நினைவுகூர ஒரு வழி சொல்லுங்கள், ஐயா."

பதில்: விதிவிலக்குகளைத் தனித்தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்வதுதான் குழப்பத்தின் வேர். தேர்வுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் விதிவிலக்குகளில் பெரும்பாலானவை மூன்றே காரணங்களுக்குள் அடங்கிவிடும். எலக்ட்ரான் எந்த ஆர்பிட்டாலிலிருந்து வெளியேறுகிறது என்பது முதலாவது. இரண்டாம் வரிசைத் தனிமங்களின் மிகச் சிறிய உருவளவு இரண்டாவது. d, f எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சரியாகத் திரைமறைப்பதில்லை என்பது மூன்றாவது. கடைசிக் காரணம் ஆவர்த்தன அட்டவணையில் தொடங்கி அணைவுச் சேர்மங்கள் வரை நீள்வதால், அதற்கே நான் அதிக இடம் தருகிறேன்.

ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது அயனியாக்கும் ஆற்றல் உயர வேண்டும். ஆயினும் பெரிலியத்துக்கு மோலுக்கு 899 கிலோஜூல் தேவைப்படுகையில், அதற்கு அடுத்த போரானுக்கு 801 போதுமானதாக இருக்கிறது. பெரிலியம் இழப்பது 2s எலக்ட்ரான். போரான் இழப்பதோ, 2s எலக்ட்ரான்களால் ஓரளவு மறைக்கப்பட்டு ஆற்றலில் மேலே நிற்கும் 2p எலக்ட்ரான். நைட்ரஜனில் (1402) மூன்று p எலக்ட்ரான்களும் தனித்தனி ஆர்பிட்டாலில் இருக்கின்றன. ஆக்சிஜனில் (1314) நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஆர்பிட்டாலில் இணையாகச் சேர்வதால், அந்த விலக்கமே அதை எளிதாக வெளியேற்றுகிறது. ஆகவே இரண்டாம் வரிசைக்கான சரியான ஏறுவரிசை Li < B < Be < C < O < N < F < Ne ஆகும்.

இந்த வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் இடம், இரண்டாவது அயனியாக்கும் ஆற்றலைக் கேட்கும் வினா. அங்கே கணக்கில் கொள்ள வேண்டியது நடுநிலை அணுவை அல்ல, ஒரு எலக்ட்ரானை இழந்த அயனியை. O⁺ அயனியின் அமைப்பு 2p³ என்பதால், இரண்டாவது எலக்ட்ரானை நீக்க ஆக்சிஜனுக்கு ஃப்ளூரினைவிடச் சற்றே அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. காரணத்தைப் பற்றிக்கொண்டிருப்பவருக்கு இது புதிய விதிவிலக்காகத் தோன்றாது.

சிறிய உருவளவு என்ற இரண்டாவது காரணத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எலக்ட்ரானை ஏற்கும்போது குளோரின் மோலுக்கு 349 கிலோஜூல் ஆற்றலை வெளியிடுகிறது. ஃப்ளூரின் 328 மட்டுமே. ஃப்ளூரினின் சிறிய 2p கூட்டில் ஏற்கெனவே நெருங்கியிருக்கும் எலக்ட்ரான்கள் புதிதாக வருவதை விலக்குகின்றன. ஆக்சிஜனுக்கும் கந்தகத்துக்கும் இடையே இருப்பதும் இதே வேறுபாடுதான். எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின் முந்தினாலும், எலக்ட்ரான் கவர்திறனில் ஃப்ளூரினே முதலிடத்தில் இருக்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு பண்புகள். வினாவில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்பதை இருமுறை படித்துவிடுங்கள்.

மூன்றாவது காரணத்துக்கு வருவோம். தொகுதியில் கீழே செல்லும்போது அணு பெரிதாக வேண்டும்; ஆனால் அலுமினியத்தின் ஆரம் 143 பிக்கோமீட்டராக இருக்க, அதற்குக் கீழே உள்ள காலியத்தின் ஆரம் 135 பிக்கோமீட்டர்தான். இரண்டுக்கும் இடையில் பத்து 3d எலக்ட்ரான்கள் நிரம்பியுள்ளன, அணுக்கருவில் அதே எண்ணிக்கையில் புரோட்டான்களும் கூடியுள்ளன. d எலக்ட்ரான்களின் திரைமறைப்பு பலவீனமானது என்பதால், வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் கூடுதலாக உள்ளிழுக்கப்படுகின்றன. 4f எலக்ட்ரான்களின் திரைமறைப்பு இன்னும் மோசம். லாந்தனைடு குறுக்கம் எனப்படும் அதன் விளைவால் சிர்கோனியமும் (160 பிக்கோமீட்டர்) ஹாஃப்னியமும் (159 பிக்கோமீட்டர்) ஏறத்தாழ ஒரே உருவளவு கொண்டவை ஆகின்றன. சிர்கோனியத் தாதுவுக்குள்ளேயே கலந்திருந்த ஹாஃப்னியத்தை 1923-இல்தான் கோப்பன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிர் நிறமாலையின் உதவியால் அடையாளம் கண்டார்கள் என்பதிலிருந்தே, இவ்விரண்டும் வேதிப்பண்பில் எவ்வளவு ஒத்தவை என்பது விளங்கும்.

இனி அணைவுச் சேர்மங்கள். பல மாணவர்கள் ஈனி வலிமையானதா வலிமையற்றதா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணையும், அடுத்து d எலக்ட்ரான்களின் எண்ணிக்கையையும் கண்டுபிடிக்க வேண்டும். அயனியாகும்போது 4s எலக்ட்ரான்களே முதலில் வெளியேறும் என்பதை இங்கே மறக்கக் கூடாது. எண்முகி அணைவுகளில் d⁴ முதல் d⁷ வரையிலான அமைப்புகளுக்கு மட்டுமே ஈனியின் வலிமை இணையாகாத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை மாற்றும். [Cr(NH₃)₆]³⁺ போன்ற d³ அணைவில் எந்த ஈனி வந்தாலும் இணையாகாத எலக்ட்ரான்கள் மூன்றுதான்.

நீங்கள் கேட்ட நிக்கலை இந்த ஒழுங்கில் பார்ப்போம். [NiCl₄]²⁻ அயனியில் நிக்கலின் ஆக்சிஜனேற்ற எண் +2, அமைப்பு 3d⁸. குளோரைடு வலிமையற்ற ஈனி என்பதால் எலக்ட்ரான்கள் இணையாக்கப்படுவதில்லை. sp³ இனக்கலப்புடன் நான்முகி வடிவம் கிடைக்கிறது, இணையாகாத எலக்ட்ரான்கள் இரண்டு. [Ni(CN)₄]²⁻ அயனியிலும் அதே 3d⁸ அமைப்புதான். ஆனால் சயனைடின் வலிமையான புலம் எலக்ட்ரான்களை இணையாக்கி ஒரு 3d ஆர்பிட்டாலைக் காலி செய்வதால், dsp² இனக்கலப்பும் தளசதுர வடிவமும் டையாகாந்தத் தன்மையும் வருகின்றன. [Ni(CO)₄] மூலக்கூறில் நிக்கலின் ஆக்சிஜனேற்ற எண் பூஜ்ஜியம். 4s எலக்ட்ரான்கள் இரண்டும் 3d-க்குச் சென்று 3d¹⁰ நிரம்பிவிடுவதால், தளசதுரத்துக்குத் தேவையான காலி d ஆர்பிட்டால் அங்கே கிடையாது. கார்பன் மோனாக்சைடு மிக வலிமையான ஈனியாக இருந்தும் வடிவம் நான்முகியாவது அதனால்தான். ஆக்சிஜனேற்ற எண்ணைப் பார்க்காமல் ஈனியைப் பார்த்தவர்கள் தவறுவது இங்கேதான்.

இப்போது [PtCl₄]²⁻ அயனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈனி அதே குளோரைடு, அமைப்பும் அதே d⁸, ஆனால் வடிவம் தளசதுரம். 5d ஆர்பிட்டால்கள் 3d-யைவிட அதிகம் பரந்து ஈனிகளோடு வலுவாக மேற்பொருந்துவதாலும், திரைமறைப்புக் குறைவால் உலோகத்தின் செயலுறு மின்சுமை உயர்ந்திருப்பதாலும், படிகப்புலப் பிளப்பு பெரிதாகிவிடுகிறது. வலிமையற்ற ஈனிகூட இணையாக்கத்துக்குப் போதுமானதாகிறது. 4d, 5d உலோகங்களின் எண்முகி அணைவுகள் ஏறக்குறைய எல்லாமே தாழ்சுழற்சி அணைவுகளாக இருப்பதும் இதனால்தான். 3d வரிசையிலும் Co³⁺ இவ்வாறு நடந்துகொள்வதுண்டு: +3 மின்சுமை பிளப்பை உயர்த்துவதால், வலிமையில் நடுத்தரமான நீர் ஈனியுடன்கூட [Co(H₂O)₆]³⁺ டையாகாந்தத் தன்மை கொண்டது. ஃப்ளூரைடு ஈனியுடன் கூடிய [CoF₆]³⁻ அயனியில் மட்டும் நான்கு எலக்ட்ரான்கள் இணையாகாமல் நிற்கின்றன.

காந்தத் திருப்புத்திறனைக் கொடுத்து வடிவத்தைக் கேட்டால், √[n(n+2)] என்ற வாய்ப்பாட்டைத் திருப்பிப் பயன்படுத்துங்கள். நான்கு ஈனிகள் கொண்ட ஒரு Ni²⁺ அணைவுக்கு 2.83 போர் மாக்னட்டான் என்று தந்திருந்தால் n = 2, வடிவம் நான்முகி; பூஜ்ஜியம் என்றால் தளசதுரம். இந்த முடிவு +2 நிலைக்கு மட்டுமே பொருந்தும். [Ni(CO)₄] சேர்மத்துக்கும் காந்தத் திருப்புத்திறன் பூஜ்ஜியம்தான், ஆனால் அது நான்முகி. எனவே இங்கும் ஆக்சிஜனேற்ற எண்ணை எழுதிய பிறகே விடையைத் தேர்ந்தெடுங்கள்.