பால், சர்க்கரை, பஜ்ஜி: பொடுகுக்குக் காரணம் சாப்பாடா? ஒரு தோல் மருத்துவரின் கேள்வி பதில்

கேள்வி: பஜ்ஜி சாப்பிட்டால் மறுநாளே தலை பிசுபிசுக்கிறது. எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினால் பொடுகு போகுமா?

பதில்: பஜ்ஜியின் எண்ணெய் தலைக்கு ஏறுவதில்லை. மண்டைத் தோலில் கசியும் எண்ணெயை மயிர்க்காலை ஒட்டிய சுரப்பி தானே தயாரிக்கிறது. எவ்வளவு சுரக்கும் என்பதைப் பெரும்பாலும் பருவ வயதில் கூடும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. அதனால்தான் எட்டு வயதில் சுத்தமாக இருந்த தலை பதினாறு வயதில் செதில் கொட்டுகிறது. அந்தச் சுரப்பியின் செல் உருவாகி, எண்ணெய் நிரம்பி, உடைந்து வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மறுநாள் பிசுபிசுப்புக்கு நேற்றைய பஜ்ஜி காரணமாக இருக்க முடியாது. அடுப்படியில் நின்று வியர்த்தீர்களா, எப்போது கடைசியாகத் தலைக்குக் குளித்தீர்கள், அதைப் பாருங்கள்.

கேள்வி: பொடுகு பூஞ்சைதானே சார்? பூஞ்சைக்குச் சர்க்கரைதான் தீனி. இனிப்பை விட்டால் பட்டினியில் செத்துவிடாதா?

பதில்: பூஞ்சை என்பது சரி, தீனிதான் தவறு. மலசீசியா என்ற இந்த ஈஸ்ட் எல்லோர் தலையிலும் இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைச் செய்துகொள்ளும் திறன் அதற்கு இல்லை. நம் தோலின் எண்ணெயை உடைத்துத்தான் பிழைக்கிறது. உடைக்கும்போது மிஞ்சும் ஒலீயிக் அமிலம் சிலருடைய தோலை உறுத்துகிறது, தோல் அவசரமாகச் செதிலை உதிர்க்கிறது. உறுத்தாதவர்களுக்கு அதே ஈஸ்ட் இருந்தும் பொடுகு இல்லை.

ஆனால் சர்க்கரையை நான் முழுக்க விடுவிக்க மாட்டேன். அது இன்சுலினைக் கூட்டும், இன்சுலின் சுரப்பியைத் தூண்டும் என்பதற்கு முகப்பருவில் ஆதாரம் இருக்கிறது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் சாப்பாட்டை 12 வாரம் கொடுத்துப் பார்த்தபோது பரு குறைந்தது. பொடுகுக்கு அப்படிச் சோதித்த ஆதாரம் இல்லை. பொடுகின் கடுமையான வடிவமான செபோரிக் டெர்மடைட்டிஸை நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 4,379 பேரிடம் பார்த்தார்கள். பழம் அதிகம் சாப்பிட்டவர்களிடம் அது சுமார் 25 சதவீதம் குறைவு. இறைச்சி, உருளைக்கிழங்கு மிகுந்த மேற்கத்திய சாப்பாட்டுப் பழக்கமுள்ள பெண்களிடம் அதிகம். இது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு. எது காரணம், எது விளைவு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி: நான் பால் நிறுத்தினேன், ஆறே வாரத்தில் பொடுகு போய்விட்டது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பதில்: என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவியும் இதையேதான் சொன்னாள். விடுதியில் காலைப் பாலையும் மாலைக் காபியையும் விட்டாள், செதில் நின்றது. துருவிக் கேட்டால், அதே வாரம் அறைத் தோழியின், பூஞ்சையை அடக்கும் கீட்டோகொனசோல் ஷாம்பூவையும் போட ஆரம்பித்திருக்கிறாள். ஷாம்பூவைத் தொடர்ந்தபடி பாலை மட்டும் திரும்பக் குடிக்கச் சொன்னேன்: நான்கு வாரம், ஒன்றும் ஆகவில்லை. பிறகு பால் குடித்தபடி ஷாம்பூவை நிறுத்தினோம். மூன்றாவது வாரம் கறுப்புத் துப்பட்டாவில் வெள்ளைத் தூள். நீங்களும் வேறு எதையும் மாற்றாமல் பாலை மட்டும் திரும்பக் குடித்துப் பாருங்கள்.

கேள்வி: பால் கேள்வி கேட்டவன்தான். நான் ஷாம்பூவை மாற்றவே இல்லை.

பதில்: அப்படியானால் உங்கள் விஷயம் திறந்தே இருக்கிறது. பருவில் பாலுக்குக் கொஞ்சம் தொடர்பு தெரிகிறது, ஒருவருக்குத் தலையிலும் இருக்கலாம். ஆனால் பொடுகு தானே ஏறி இறங்கும் நோய். இரண்டு முறை நிறுத்தி, இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் ஒரே மாதிரி நடந்தால் நான் நம்புவேன்.

கேள்வி: தயிர் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக.

கேள்வி: மோர்?

பதில்: தயிருக்குச் சொன்னதேதான்.

கேள்வி: தயிரைத் தலையில் எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?

பதில்: கேட்டது சாப்பிடும் தயிரைப் பற்றி. தலையில் வேண்டாம்.

கேள்வி: வறட்சியால்தானே பொடுகு வருகிறது? பாட்டி ராத்திரி முழுக்கத் தேங்காய் எண்ணெய் வைக்கச் சொல்கிறார்.

பதில்: செதில் கொட்டும் நாட்களில் ராத்திரி எண்ணெய் வைக்காதீர்கள். இதை எல்லோருக்கும் சொல்கிறேன். செதில் எண்ணெயில் ஒட்டிப் படிவதால் குறைந்த மாதிரி தெரியும், அடியில் அரிப்பு தொடரும். வாரம் இரண்டு முறை 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பூ, நுரையை 5 நிமிடம் மண்டைத் தோலில் விட்டுவிட்டு அலசல், நான்கு வாரம். பலர் முடிக்கு மட்டும் போட்டு உடனே கழுவிவிட்டு "கேட்கவில்லை" என்கிறார்கள்.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்குப் பொடுகு, ஓரிடத்தில் முடியும் கொட்டியிருக்கிறது. சாக்லேட்டை நிறுத்தட்டுமா?

பதில்: சாக்லேட் இருக்கட்டும். அந்த வயதில் செதிலோடு வட்டமாக முடி கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு ஷாம்பூ போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு அவன் சீப்பைக் கொடுக்காதீர்கள்.